"ஜுரம் எப்பம்மா ஆரம்பிச்சுது?" - பதில் சொல்லும் ஒரு பக்க நோட்டு

செவ்வாய்க்கிழமை மாலை. குழந்தைகள் நல மருத்துவரின் கிளினிக். அம்மாவின் மடியில் ஏழு வயதுப் பையன் துவண்டு கிடக்கிறான்.

"ஜுரம் எப்பம்மா ஆரம்பிச்சுது?"

"மூணு நாளா இருக்கு டாக்டர்."

"ஞாயித்துக்கிழமை ராத்திரிதானே வந்துச்சு? ரெண்டு நாள்தான் டாக்டர்" என்கிறார் பக்கத்தில் நிற்கும் பாட்டி.

"எவ்வளவு இருந்துச்சு?"

"உடம்பு நல்லா கொதிச்சுது. மருந்து குடுத்தா போகுது, திரும்ப வருது."

"என்ன மருந்து குடுத்தீங்க?"

"அந்த பிங்க் கலர் சிரப் டாக்டர்... ஒரு மூடி."

மழைக்காலத்தில் எந்தக் கிளினிக்கிலும் கேட்கக்கூடிய உரையாடல்தான் இது. யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால், இந்தப் பதில்களை வைத்துக்கொண்டு மருத்துவரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. இதே குடும்பம் பள்ளி நோட்டில் ஒரு பக்கம் எழுதி எடுத்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்ப்போம்.

பக்கத்தின் முதல் வரி இப்படி இருக்கும்: 'ஞாயிறு மாலை 7.00 - 101.4, அக்குள். எடை 20 கிலோ.' அடுத்த வரி: '7.10 - பாராசிட்டமால் சிரப், 5 மி.லி.யில் 250 மி.கி., கொடுத்தது 5 மி.லி.' அதன் கீழே: '8.45 - 99.6. அரை தம்ளர் கஞ்சி.' பிறகு: 'நள்ளிரவு 1.30 - 102. மருந்து 5 மி.லி.'

இவ்வளவுதான். ஆனால், இதில் முதல் வரியே பாதிப் பிரச்னையைத் தீர்த்துவிடுகிறது. 'மூணு நாள்' என்பதற்கும் '48 மணி நேரம்' என்பதற்கும் வித்தியாசம் உண்டு. டெங்கு சந்தேகம் இருந்தால், காய்ச்சல் வந்த முதல் ஐந்து நாள்களுக்குள் என்.எஸ்.1 என்ற ரத்தப் பரிசோதனை பொருத்தமானது. அதற்குப் பிறகு, ஐ.ஜி.எம். எனப்படும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் பரிசோதனைதான் அதிகம் உதவும். காய்ச்சலின் நாள் கணக்கு தப்பினால், தவறான பரிசோதனையைச் செய்து, 'ஒன்றுமில்லை' என்ற ரிப்போர்ட்டை நம்பி வீட்டுக்குப் போய்விட வாய்ப்பு இருக்கிறது.

சூட்டை எழுதும்போது தெர்மாமீட்டரை எங்கே வைத்துப் பார்த்தது என்பதையும் எழுத வேண்டும். அக்குளில் பார்ப்பது பொதுவாக வாயில் பார்ப்பதைவிடக் குறைவாகக் காட்டும். சிலர் தாங்களாகவே ஒரு டிகிரி கூட்டி எழுதுவார்கள். அது வேண்டாம், கருவி காட்டியதை அப்படியே எழுதி, 'அக்குள்' என்று குறித்தால் போதும். வியர்வையைத் துடைத்துவிட்டு, பீப் சத்தம் வரும்வரை கையை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். வாயில் பார்ப்பதானால், பாலோ கஞ்சியோ குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்.

முக்கியமாக, மருந்து கொடுப்பதற்கு முன்பு சூடு பார்க்க வேண்டும். மருந்து கொடுத்த ஒரு மணி நேரத்தில் 99 என்று காட்டினால், அது மருந்தின் வேலை. அடுத்த வேளைக்கு முன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதுதான் நோயைப் பற்றிச் சொல்லும். அதற்காக அரை மணிக்கொரு முறை பார்க்கத் தேவையில்லை. நன்றாகத் தூங்கும் குழந்தையை எழுப்பியும் பார்க்க வேண்டியதில்லை.

'ஒரு மூடி' எவ்வளவு?

பாராசிட்டமால் சிரப், 5 மி.லி.யில் 120 மி.கி. என்றும் கிடைக்கிறது, 250 மி.கி. என்றும் கிடைக்கிறது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து இன்னும் அடர்த்தியானது. எனவே 'ஒரு மூடி' என்பது அளவே அல்ல. ஒரு வேளைக்கு, எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. என்பது வழக்கமான கணக்கு. 20 கிலோ பையனுக்கு 200 முதல் 300 மி.கி. வரும். 250 மி.கி. பாட்டிலில் அது 5 மி.லி.; 120 மி.கி. பாட்டிலில் ஏறக்குறைய 10 மி.லி. வேளைக்கு வேளை குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். பொதுவாக ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் போகக் கூடாது.

நம் பையனின் நோட்டில் திங்கள் இரவு இரண்டு வரிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. '7.30 - பாராசிட்டமால் 5 மி.லி. (அம்மா)'. '8.00 - சளி சிரப் 5 மி.லி. (அப்பா, மூக்கு ஒழுகியதால்)'. மருத்துவர் இங்கேதான் விரலை வைப்பார். சளிக்கான பல சிரப்களிலும் பாராசிட்டமால் சேர்ந்தே இருக்கிறது. அரை மணி நேரத்தில் இரண்டு வேளை மருந்து உள்ளே போயிருக்கிறது! கொடுத்த இருவருக்கும் அது தெரியாது. ஒருமுறை நடந்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை; மூன்று நாள் தொடர்ந்தால் கல்லீரலைப் பாதிக்கலாம்.

அதனால் கொடுப்பவர் யாராக இருந்தாலும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை, பாட்டி கொடுத்த கஷாயம், பழைய பாட்டிலில் மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக் எல்லாமே இடம்பெற வேண்டும். டாக்டர் திட்டுவார் என்று இதை மறைப்பவர்கள்தான் அதிகம். பாட்டிலையும் அட்டையையும் அப்படியே பையில் போட்டு எடுத்துப்போவது நல்லது. ஐபுபுரூஃபன் கலந்த சிரப் கொடுத்திருந்தால் அவசியம் சொல்ல வேண்டும். டெங்குவாக இருந்தால் அது ரத்தக்கசிவை அதிகமாக்கக்கூடும்.

சாப்பாடும் சிறுநீரும்

"ஒண்ணுமே சாப்பிடலை" என்று அம்மாக்கள் சொல்வதை மருத்துவர்கள் தினமும் கேட்கிறார்கள். வழக்கமாக நான்கு இட்லி சாப்பிடுபவன் ஒன்று சாப்பிட்டான் என்றால் அதில் விஷயம் இருக்கிறது. காய்ச்சல் நேரத்தில் இட்லி குறைவதைவிட, தண்ணீர், கஞ்சி, மோர், இளநீர் எத்தனை தம்ளர் போனது என்பது முக்கியம். அதன் எதிரே வாந்தி எத்தனை முறை, கடைசியாகச் சிறுநீர் போனது எத்தனை மணிக்கு என்று எழுத வேண்டும். மருந்து கொடுத்தவுடன் வாந்தி எடுத்திருந்தால், எத்தனை நிமிடத்தில் என்பதையும் குறிக்கலாம். மருந்து உள்ளே நின்றதா என்பது அப்போதுதான் தெரியும்.

இனி அந்தப் பையனின் வியாழக்கிழமைப் பக்கத்துக்குப் போவோம். 'காலை 6.00 - 98.4. நேற்று இரவு 9 மணிக்குப் பிறகு மருந்து இல்லை.' வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அப்பா ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டார். ஆனால், கீழே வரிகள் தொடர்கின்றன. '8.30 - இரண்டு ஸ்பூன் கஞ்சி, வாந்தி. 10.00 - இளநீர், வாந்தி. வயிறு வலிக்கிறது என்கிறான். 11.45 - வாந்தி. கடைசியாகச் சிறுநீர் காலை 5 மணிக்கு.'

சூட்டை மட்டும் எழுதியிருந்தால் இந்தப் பக்கத்தில் நல்ல செய்திதான் இருந்திருக்கும். டெங்குவில் சிக்கலான கட்டம் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே, காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் தொடங்குகிறது. ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து, ரத்தம் கெட்டியாகும். விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அசதி, கை கால் சில்லிடுவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாதது, இவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த வரி எழுதக் காத்திருக்காமல் கிளம்ப வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 காட்டினால், நோட்டு எதுவும் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிதான்.

பன்னிரண்டு மணிக்கு அம்மா பையனைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார். மருத்துவர் அந்த ஒரு பக்கத்தைப் படிக்க அரை நிமிடம்கூட ஆகாது. தட்டணுக்களோடு ஹீமட்டோக்ரிட் அளவையும் பார்க்க ரத்தம் எடுக்கச் சொல்கிறார். பையனை வார்டில் சேர்த்துக் கண்காணிக்கச் சொல்கிறார். சலைன் ஏறத் தொடங்கிய பிறகு, நர்ஸ் வந்து அம்மாவிடம் கேட்கிறார்: "கடைசியா எப்பம்மா யூரின் போனான்?"

"காலைல அஞ்சு மணிக்கு சிஸ்டர்."