வேகமான இணையம், மங்கலான படம்: நெட்ஃபிளிக்ஸ் புரொஃபைலில் இருக்கும் டேட்டா வரம்பு

நெட்ஃபிளிக்ஸில் படத்தின் தரத்தைக் குறைத்து டேட்டாவை மிச்சப்படுத்தும் அமைப்பு ஒன்று உண்டு. அது டிவியிலோ, டிவியில் உள்ள செயலியிலோ இல்லை. கணக்கில், ஒவ்வொரு புரொஃபைலுக்கும் தனித்தனியாக இருக்கிறது. அதனால் ஒருமுறை குறைத்து வைத்தால், அந்தப் புரொஃபைலைத் திறக்கும் டிவி, கணினி எல்லாவற்றிலும் வரம்பு கூடவே வரும். புதிய டிவி வாங்கினாலும் பிராட்பேண்ட் வேகத்தைக் கூட்டினாலும் படம் தெளியாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

இந்த ஏற்பாடு முதலில் கனடாவுக்காக வந்தது. அங்கே இணைய நிறுவனங்கள் மாதத்துக்கு இத்தனை ஜிபிதான் என்று கட்டுப்பாடு வைத்திருந்தன. மீறினால் கூடுதல் கட்டணம். 2011 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸ் அந்த நாட்டுச் சந்தாதாரர்களுக்கு மூன்று தர நிலைகளைக் கொடுத்து, மிகக் குறைந்ததையே இயல்பான தேர்வாக வைத்தது. மாதம் 30 மணி நேரம் பார்ப்பவருக்கு 31 ஜிபி செலவான இடத்தில் 9 ஜிபி போதும் என்பது அப்போது சொல்லப்பட்ட கணக்கு.

இப்போது நான்கு தேர்வுகள் உள்ளன. Low என்பது மணிக்கு 0.3 ஜிபி வரை, Medium என்பது 0.7 ஜிபி வரை. High என்றால் எச்டி படத்துக்கு மணிக்கு 3 ஜிபி வரை, 4கே படத்துக்கு 7 ஜிபி வரை ஆகும். Auto என்பது இணைப்பின் வேகத்தைப் பார்த்துத் தரத்தைத் தானே ஏற்றி இறக்கும்.

இந்த ஜிபி கணக்கை நொடிக் கணக்காக மாற்றிப் பார்த்தால் விஷயம் புரியும். மணிக்கு 0.3 ஜிபி என்பது நொடிக்கு ஏறத்தாழ 0.67 மெகாபிட். முழு எச்டி படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைக்கும் வேகமோ நொடிக்கு 5 மெகாபிட். ஒவ்வொரு படமும் பல தரங்களில் தயாரிக்கப்பட்டு, படிக்கட்டுபோல அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். இணைப்பு தாங்கும் அளவுக்கு மேல்படிக்கு ஏறுவதும், வேகம் குறைந்தால் கீழே இறங்குவதும் செயலியின் வேலை. Low என்று வைத்ததும் மேல்படிகள் அதன் கணக்கிலேயே இருக்காது. இணைப்பு 100 மெகாபிட் தந்தாலும் செயலி கீழ்ப்படியிலேயே நிற்கும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். பிராட்பேண்ட் வருமுன் டிவியைப் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் படம் பார்த்தார்கள், நாளுக்கு 1.5 ஜிபி பேக். Low வைத்தால் அதில் ஐந்து மணி நேரம் பார்க்கலாம், High வைத்து எச்டியில் பார்த்தால் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடக்கூடும். எனவே அப்பாவின் புரொஃபைலில் Low போட்டார்கள். பிறகு பிராட்பேண்ட் வந்தது, அமைப்பை யாரும் தொடவில்லை. இப்போது அப்பாவின் புரொஃபைலில் முகங்கள் மெழுகு பூசியதுபோல் வழவழக்கின்றன. இருட்டுக் காட்சியிலும் மழைக் காட்சியிலும் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரிகின்றன. அதே டிவியில் மகளின் புரொஃபைலில் அதே படம் பளிச்சென்று ஓடுகிறது.

சிக்கலைக் கண்டுபிடிக்க எளிய வழியும் இதுதான். ஒரே டிவியில் ஒரே காட்சியை இரண்டு புரொஃபைல்களில் ஓட்டிப் பார்க்க வேண்டும். தொடங்கிய சில நொடிகள் படம் மங்கலாக இருப்பது இயல்பு. ஒரு நிமிடம் விட்டுத்தான் ஒப்பிட வேண்டும். வண்ணங்கள் தட்டையாக இருக்கும் கார்ட்டூன் படங்கள் குறைந்த டேட்டாவிலும் நன்றாகத் தெரியும் என்பதால், கூட்டமும் அசைவும் நிறைந்த காட்சியே சோதனைக்கு ஏற்றது. ஒன்று தெளிவாகவும் மற்றொன்று மங்கலாகவும் இருந்தால் குறை இணைப்பிலோ டிவியிலோ இல்லை, புரொஃபைல் அமைப்பில்தான். கணினியின் பிரவுசரில் படம் ஓடும்போது Ctrl+Alt+Shift+D அழுத்தினால் எண்கள் நிறைந்த ஒரு பட்டியல் திரையில் வரும். அதில் Playing bitrate என்ற வரியின் இரண்டாம் எண், காட்சிக்காக நொடிக்கு எத்தனை கிலோபிட் ஓடுகிறது என்பதைக் காட்டும். வேகமான இணைப்பிலும் அது சில நூறைத் தாண்டாமல் நின்றால் வரம்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வரம்பை மாற்ற டிவி ரிமோட் உதவாது, பிரவுசர் வேண்டும். netflix.com தளத்தில் உள்நுழைந்து Account பக்கத்துக்குப் போக வேண்டும். அங்கே Profiles பகுதியில் சிக்கல் உள்ள புரொஃபைலைத் தேர்ந்தெடுத்தால் Playback settings வரும். அதற்குள் Data usage per screen என்ற தலைப்பில் நான்கு தேர்வுகளும் வரிசையாக இருக்கும். Auto அல்லது High தேர்ந்தெடுத்து Save அழுத்த வேண்டும். டேட்டாவுக்கு அளவில்லாத வீட்டுக்கு Auto போதும். இணைப்பு தடுமாறினால் அது தரத்தைக் குறைத்துப் படம் நிற்காமல் பார்த்துக்கொள்ளும். மாற்றம் டிவியில் உடனே தெரியாவிட்டால், அங்கே கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் உள்நுழைந்து பார்க்கலாம். மற்றவர்களின் புரொஃபைலிலும் Low இருந்தால் ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும்.

போன் செயலியில் இன்னொரு வரம்பு இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. App Settings பகுதியில் உள்ள அது, மொபைல் டேட்டாவில் பார்க்கும்போது மட்டுமே செயல்படும். அதில் Save Data வைத்தால் ஒரு ஜிபிக்குச் சுமார் ஆறு மணி நேரமும், Automatic வைத்தால் சுமார் நான்கு மணி நேரமும் பார்க்கலாம். Maximum Data வைத்தால் 20 நிமிடத்திலேயே ஒரு ஜிபி போகக்கூடும். வீட்டு வைஃபையில் பார்க்கும்போது இதற்கு வேலையில்லை. இன்னொருவரின் ஹாட்ஸ்பாட்டில் இணைந்தால் அதையும் போன் வைஃபை என்றே எண்ணும்; அப்போது மொபைல் டேட்டாவுக்கான இந்த வரம்பு காவல் நிற்காது. ஹாட்ஸ்பாட்டில் பார்ப்பவருக்குப் புரொஃபைல் வரம்புதான் பாதுகாப்பு.

High வைத்தும் படம் முழுத் தெளிவுக்கு வரவில்லை என்றால், அடுத்து பார்க்க வேண்டியது சந்தா. இந்தியாவில் மொபைல் திட்டம் 480பி தரத்தோடும் பேசிக் திட்டம் 720பி தரத்தோடும் நின்றுவிடும். ஸ்டாண்டர்ட் திட்டத்தில் 1080பி கிடைக்கும், பிரீமியத்தில் மட்டுமே 4கே. புரொஃபைல் அமைப்பு சந்தா தருவதைக் குறைக்க முடியும், கூட்ட முடியாது. திரை, கருவி, பிரவுசர் ஆகியவற்றுக்கும் தனித்தனி உச்சவரம்புகள் உண்டு. இவற்றுள் எது மிகக் குறைவோ, அந்தத் தரத்தில்தான் படம் தெரியும்.