கைரேகை சரி, வீடு யாருடையது?

மும்பையில் வாடகைக்கு வீடு பிடிப்பவர்களுக்கு ஒரு தெம்பு உண்டு: அக்ரிமென்ட் பதிவாகிவிட்டால் இனிப் பயமில்லை என்பது. அதற்குக் காரணமும் இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்துக்கு அங்கே ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ என்று பெயர். அதை எழுத்தில் எழுதிப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. தவறினால் 3 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். அதனால் லேப்டாப்பையும் கைரேகைக் கருவியையும் தூக்கிக்கொண்டு ஏஜென்ட் வீட்டுக்கே வருகிறார். இரு தரப்பும் விரல் வைக்கிறார்கள், ஆதார் ஒத்துப்போகிறது, அரை மணி நேரத்தில் வேலை முடிகிறது.

இந்த அரை மணி நேரத்தில் சோதிக்கப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: விரல் வைத்தவர் அந்த ஆதார் அட்டைக்கு உரியவர். அந்த வீட்டுக்கு உரியவரா என்று யாரும் பார்க்கவில்லை. பதிவு அலுவலகம் பார்ப்பதும் இல்லை. அது அதன் வேலையும் இல்லை. முறையாகப் பதிவான ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டின் மீது எந்த உரிமையும் இல்லாத ஒருவருக்குப் பல லட்சம் கொடுத்திருக்க முடியும். மும்பையில் அது நடந்துகொண்டும் இருக்கிறது.

‘ஹெவி டெபாசிட்’ என்ற ஏற்பாட்டில்தான் இந்த மோசடி அதிகம். சென்னையில் நாம் ‘லீஸ்’ என்று சொல்வதுதான் அது. மொத்தமாக ஒரு பெருந்தொகையைக் கொடுத்துவிட்டால் மாத வாடகை இல்லை, அல்லது பெயருக்குக் கொஞ்சம். காலி செய்யும்போது முழுத்தொகையும் திரும்பி வரும். செம்பூரில் மாதம் 35,000 ரூபாய் வாடகைக்குப் போகக்கூடிய ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு, கற்பனையாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இடைத்தரகன் ஒருவன் உண்மையான உரிமையாளரிடம் போய், தனக்கென்றே அதை வாடகைக்கு எடுக்கிறான். ஒரு லட்சம் டெபாசிட் கொடுத்துச் சாவியை வாங்குகிறான். பிறகு அதே வீட்டைத் தன் வீடு என்று சொல்லி, ஊரிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு குடும்பத்துக்கு 12 லட்சம் ஹெவி டெபாசிட்டுக்கு விடுகிறான். உரிமையாளருக்கு மாதாமாதம் 35,000 ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது. அவருக்குச் சந்தேகம் வர வழியில்லை. குடும்பத்துக்கும் குறை இல்லை. 11 மாதம் முடியும்போது அவன் கட்டிய வாடகை 3,85,000. டெபாசிட்டையும் சேர்த்தால் 4,85,000. மிச்சம் 7,15,000 ரூபாயோடு போனை அணைத்துவிடுகிறான். மறுமாதம் வாடகை கேட்டு உரிமையாளர் கதவைத் தட்டும்போதுதான், ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் முதன்முறையாகச் சந்திக்கிறார்கள். அந்தக் குடும்பத்தை வெளியேறச் சொல்ல உரிமையாளருக்கு உரிமை உண்டு. குடும்பத்துக்கு மிஞ்சுவது போலீஸ் நிலையத்தில் ஒரு ஏமாற்றுப் புகார்.

இதை முன்கூட்டியே பிடிப்பதற்கு வக்கீல் தேவையில்லை. இரண்டு காகிதங்கள் போதும். முதலாவது ‘இன்டெக்ஸ் 2’. நம்மூர் வில்லங்கச் சான்றைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது எளிதில் புரியும். பதிவான ஒரு பத்திரத்தின் சுருக்கம் அது. விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர், சொத்தின் விவரம், தொகை, பதிவுத் தேதி, பத்திர எண் எல்லாம் ஒரே தாளில் மராத்தியில் இருக்கும். வீட்டுக்காரரிடம் அதன் நகலைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் வருத்தப்பட வேண்டாம். அது பொது ஆவணம், யாரும் பார்க்கலாம். மகாராஷ்டிரப் பதிவுத்துறையின் igrmaharashtra.gov.in தளத்தில் பத்திரங்களைத் தேடும் வசதி இருக்கிறது. அவர் கொடுத்த நகலில் உள்ள ஆண்டு, பகுதி, சொத்து எண் ஆகியவற்றை வைத்து நீங்களே ஒருமுறை தேடிப் பாருங்கள். போலி நகல் தயாரிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆகவே கையில் கொடுத்த தாளை விட நீங்கள் தேடி எடுத்த தாளுக்கே மதிப்பு அதிகம். பெயர், பிளாட் எண், கட்டிடத்தின் பெயர் மூன்றும் ஆதாரோடும் அக்ரிமென்டோடும் பொருந்த வேண்டும்.

பல பத்தாண்டுகளுக்கு முன் சொசைட்டி நேரடியாக ஒதுக்கிய வீடுகளுக்குப் பதிவான பத்திரமே இல்லாமல் இருக்கலாம். அதற்காக உரிமையாளரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. அங்கே இரண்டாவது காகிதத்துக்கு வேலை வருகிறது. அதுதான் ஷேர் சர்டிபிகேட். மும்பையின் பெரும்பாலான அடுக்குமாடிகள் கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கங்கள். எல்லோர் வாயிலும் ‘சொசைட்டி’. வீடு வாங்குபவர் அந்தச் சங்கத்தின் உறுப்பினராகிறார், பங்குகள் அவர் பெயரில் வருகின்றன. இந்தச் சான்றிதழைப் பார்ப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. முன்பக்கத்தில் இருப்பது முதல் உறுப்பினரின் பெயர். வீடு கைமாறும்போதெல்லாம் புதிய பெயர் பின்பக்கத்தில், தேதியோடும் நிர்வாகிகளின் கையெழுத்தோடும் ஏறும். பின்பக்கத்தின் கடைசி வரியில் யார் இருக்கிறாரோ அவர்தான் இன்றைய உறுப்பினர். எப்போதோ வீட்டை விற்றுவிட்ட ஒருவர் முன்பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பார்ப்பதற்குக் கச்சிதமாக இருக்கும். இரண்டு பக்கத்தையும் கேளுங்கள்.

வீட்டுக் கடன் இருந்தால் மூலச் சான்றிதழ் வங்கியில் இருக்கும், நகல்தான் கிடைக்கும். அது இயல்பு. ஆனால் கடன் இருக்கிறதா, தவணை ஒழுங்காகப் போகிறதா என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். கட்டாத கடனுக்காக வங்கி வீட்டைக் கைப்பற்ற வரும்போது, வாடகைக்கு இருப்பவரின் நிலை மிகவும் பலவீனம். மின்சாரக் கட்டணச் சீட்டையோ மெயின்டனன்ஸ் பில்லையோ நீட்டி, “இதோ என் பேரு இருக்கே” என்றால் தலையாட்டிவிடாதீர்கள். மின்சாரச் சீட்டு இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும்.

கேட்பதற்குக் கூச்சப்படுகிறவர்கள்தான் நம்மில் அதிகம். வயதில் பெரியவரிடம் போய், “வீடு உங்களுதுதானா சார்?” என்று எப்படிக் கேட்பது? அப்படிக் கேட்க வேண்டாம். “அக்ரிமென்ட்ல பேரு, பிளாட் நம்பர் எல்லாம் தப்பில்லாம ஏத்தணும் அங்கிள். இன்டெக்ஸ் டூவும் ஷேர் சர்டிபிகேட்டும் அனுப்புங்க, ‘வாடகைக்கு மட்டும்’னு குறுக்கே எழுதியே அனுப்புங்க” என்றால் போதும். நேர்மையான உரிமையாளர் உங்கள் சம்பளச் சீட்டையும் ஆதாரையும் கேட்டுத்தான் வீடு தருகிறார். பதிலுக்கு அவருடைய காகிதத்தைக் கேட்பதில் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. கேட்க வேண்டிய நேரம் டோக்கன் கொடுப்பதற்கு முன். “இன்னும் ரெண்டு பார்ட்டி வெயிட்டிங்” என்று புரோக்கர் அவசரப்படுத்துவார். அந்த அவசரத்தில் போன டோக்கன் திரும்பி வருவது அபூர்வம்.

அடுத்து சொசைட்டி. இங்கே சட்டம் ஒன்று சொல்கிறது, கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் வேறொன்று சொல்கிறார். மகாராஷ்டிர அரசின் இப்போதைய மாதிரித் துணைவிதிகளின்படி, உறுப்பினர் தன் வீட்டை வாடகைக்கு விட சொசைட்டியின் முன் அனுமதி தேவையில்லை. எழுத்தில் தெரிவித்து, ஒப்பந்த நகலையும் போலீஸுக்குத் தகவல் கொடுத்ததற்கான நகலையும் தந்தால் போதும். நடைமுறையில் இன்றும் பல சொசைட்டிகள் ‘என்ஓசி’ இல்லாமல் சாமான் லாரியை உள்ளே விடுவதில்லை. சில கமிட்டிகள் வாடகைக்கு வருபவரை நேரில் அழைத்துப் பேட்டி காண்கின்றன. கல்யாணம் ஆகாதவர்களுக்குக் கிடையாது என்பார்கள், மீன் சமைப்பீர்களா என்று கேட்பார்கள். சட்டப்படி இதெல்லாம் நிற்காது என்று வாதாடலாம். லாரி வாடகை ஏறிக்கொண்டிருக்கும்போது வாதாடுவதில் பயன் இல்லை. ஆகவே வீட்டை விட சொசைட்டிக்கு ஆட்சேபம் இல்லை என்பதை, கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கித் தருவது உரிமையாளரின் வேலை என்று பேசிக்கொள்ளுங்கள்.

அனுமதி அவசியமோ இல்லையோ, சொசைட்டி அலுவலகத்துக்கு ஒருமுறை நேரில் போவதில் வேறு லாபம் இருக்கிறது. மேலே சொன்ன இடைத்தரகன் மாட்டிக்கொள்ளும் இடம் அதுதான். பல கட்டிடங்களில் கீழ்த்தளத்திலேயே உறுப்பினர் பெயர்ப் பலகை தொங்கும். இந்த பிளாட்டின் உறுப்பினர் யார், பாக்கி ஏதும் உண்டா, வழக்கு நடக்கிறதா என்று செக்ரட்டரியிடமோ மேனேஜரிடமோ கேளுங்கள். முன்பின் தெரியாதவருக்குச் சொல்ல மாட்டோம் என்றால் வீட்டுக்காரரையே உடன் அழைத்துச் செல்லுங்கள். வர மறுக்கும் வீட்டுக்காரர் தானே பதில் சொல்லிவிட்டார். செக்ரட்டரியின் போன் எண்ணைப் புரோக்கரிடம் வாங்கிப் பேசுவது மட்டும் வேண்டாம். மறுமுனையில் யார் இருப்பார் என்று தெரியாது.

அங்கே போகும்போது கட்டணக் கதையும் காதில் விழும். வாடகைக்கு விட்ட வீட்டுக்கு சொசைட்டி ‘நான் ஆக்குபன்சி சார்ஜ்’ வசூலிக்கலாம். அது சேவைக் கட்டணத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மாநில அரசு 2001ஆம் ஆண்டு உத்தரவிட்டது. 2007இல் மும்பை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை உறுதி செய்தது. நகராட்சி வரி இந்தக் கணக்கில் சேராது. சேவைக் கட்டணம் மாதம் 2,500 ரூபாய் என்றால் இது 250 ரூபாய்தான். கட்ட வேண்டியவரும் உறுப்பினரான வீட்டுக்காரர். உங்கள் தலையில் ஆயிரக்கணக்கில் ‘நன்கொடை’ விழுந்தால் ரசீது கேளுங்கள். பெரும்பாலும் தொகை அங்கேயே சுருங்கிவிடும்.

காகிதத்தில் இருக்கும் பெயரும் எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளும் வேறாக இருப்பதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. அப்பா இறந்து, இன்னும் பெயர் மாற்றாத வீடு. நாமினியாக இருப்பதால் மட்டும் மகன் முழு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. மற்ற வாரிசுகளும் இருக்கலாம். அவர்கள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும், இல்லையேல் சம்மதக் கடிதம் வேண்டும். கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்தால் இருவருமே ஒப்பந்தத்தில் வர வேண்டும். உரிமையாளர் துபாயில் இருக்கிறார், மைத்துனர் பவர் ஆஃப் அட்டர்னியோடு வருகிறார் என்றால் அந்தப் பத்திரத்தை முழுதாகப் படியுங்கள். வாடகைக்கு விடவும் டெபாசிட் வாங்கவும் அதிகாரம் என்று அதில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். வரி கட்டவும் மெயின்டனன்ஸ் பார்க்கவும் கொடுத்த பவர் இதற்குச் செல்லாது. ஒரு வீடியோ அழைப்பில் உரிமையாளரின் முகத்தையும் பார்த்துவிடுங்கள்.

குடிசை மாற்றுத் திட்டத்தில், அதாவது எஸ்ஆர்ஏ திட்டத்தில் கிடைத்த வீடுகள் தனிரகம். சியோன், தாராவி, ஆன்டாப் ஹில் பக்கம் வீடு தேடும் தமிழர்களுக்கு இவை குறைந்த வாடகையில் கண்ணில் படும். ஒதுக்கீடு பெற்றவர் குறிப்பிட்ட காலம் வரை இவற்றை விற்கவோ வாடகைக்கு விடவோ தடை உண்டு. அந்த வீட்டில் ஹெவி டெபாசிட் கொடுத்துக் குடியேறுவது சொந்தப் பணத்தோடு சூதாடுவது.

இத்தனைக்கும் பிறகு கடைசியாக ஒரு காவல் இருக்கிறது. டெபாசிட்டைப் பணமாகக் கொடுக்காதீர்கள், புரோக்கர் கணக்குக்கும் அனுப்பாதீர்கள். இன்டெக்ஸ் 2இல் எந்தப் பெயர் இருக்கிறதோ அதே பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள், அந்தப் பரிமாற்ற எண்ணை ஒப்பந்தத்திலும் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பெயரில் கணக்கு எண் கொடுக்க முடியாதவரிடம் அந்த வீட்டை எடுக்காதீர்கள்.