முதலீட்டாளரைத் தேடும் வாரம்: அட்டவணையும் எச்சரிக்கையும்

புதிய நிறுவனத்துக்கு முதலீடு கிடைக்கப் பல மாதங்கள் ஆகலாம். கையிருப்பு கரையும்வரை காத்திருந்து தேடத் தொடங்கும் நிறுவனர், கண்ணில் பட்டவருக்கெல்லாம் செய்தி அனுப்புவார். கேட்ட கட்டணத்தையும் கொடுத்துவிடுவார். வார அட்டவணை இந்த அவசரத்தைத் தவிர்க்க உதவும்.

பாகான் டாலாமில் ஒரு சிறு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பட்டர்வொர்த் கொள்கலன் முனையத்துக்குப் போகும் லாரிகளின் நேரத்தை ஒழுங்குபடுத்தும் மென்பொருளை அது விற்கிறது. வங்கியில் 180,000 ரிங்கிட் இருக்கிறது. வரவு போக மாதம் 20,000 ரிங்கிட் குறைகிறது என்றால், ஒன்பது மாதம் தாங்கும். தேடலைத் தொடங்க வேண்டிய நேரம் இதுதான்.

யாரிடம் கேட்கலாம்?

திங்கட்கிழமை பட்டியலுக்கு உரியது. வாரத்துக்கு எட்டுப் புதிய பெயர்கள் போதும். ஒவ்வொருவரும் இதற்கு முன் எந்தத் துறையில், எவ்வளவு போட்டிருக்கிறார் என்று பார்த்த பிறகே பெயரைச் சேர்க்க வேண்டும். முதலீட்டு நிறுவனம் என்றால், மலேசியப் பங்குப் பத்திர ஆணையத்தின் பதிவுப் பட்டியலையும், அது வெளியிடும் எச்சரிக்கைப் பட்டியலையும் பார்ப்பது அவசியம். எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் இல்லை என்பதாலேயே ஒருவர் நம்பகமானவர் ஆகிவிடமாட்டார்.

வாட்ஸ்அப் குழுவில் "பங்கு விற்பனைக்கு" என்று பொதுவாக அறிவிப்பது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி, தனியார் நிறுவனம் பொதுமக்களுக்குப் பங்கு விற்க முன்வரக் கூடாது. ஊழியர்கள் நீங்கலாக 50 பங்குதாரர்களுக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. பலரிடம் சிறு தொகையாகத் திரட்ட விரும்பினால், ஆணையத்தில் பதிவுபெற்ற கூட்டுநிதித் தளம் வழியாகப் போகலாம்.

எழுதுவதும் இடைவெளியும்

செவ்வாயும் புதனும் நான்கு நான்கு பேருக்கு எழுதலாம். என்ன தொழில், யார் வாடிக்கையாளர், எவ்வளவு தேவை என்பவை பத்து வரிக்குள் அடங்க வேண்டும். பதில் வராவிட்டால் ஐந்து வேலை நாள் கழித்து, புதிதாகக் கிடைத்த வாடிக்கையாளர் போன்ற ஒரு தகவலோடு மீண்டும் எழுதலாம். அதன் பின் பத்து வேலை நாள் விட்டுக் கடைசி முறை. அதற்கும் பதில் இல்லையென்றால் அந்தப் பெயரை ஒதுக்கிவிட வேண்டும். கெடாவில் வெள்ளி, சனி விடுமுறை. பினாங்கில் சனி, ஞாயிறு. சுங்கைப் பட்டாணிக்காரருக்கு வெள்ளிக்கிழமை எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் நாள்தான் வீணாகும்.

சந்திப்புக்கு முன்

வியாழக்கிழமையைச் சந்திப்புகளுக்கு ஒதுக்கலாம். எஸ்எஸ்எம் நிறுவன விவர அறிக்கை, அண்மைக் கணக்கு, யாரிடம் எத்தனை பங்கு என்ற அட்டவணை ஆகிய மூன்றும் கையில் இருக்க வேண்டும். கணக்கும் தெளிவாக இருக்க வேண்டும். முதலீட்டுக்கு முன் நிறுவனத்தின் மதிப்பு 16 லட்சம் ரிங்கிட் என்று பேசி 4 லட்சம் பெற்றால், மொத்தம் 20 லட்சம். முதலீட்டாளருக்கு 20 விழுக்காடு. அதே 16 லட்சத்தை முதலீட்டுக்குப் பிந்திய மதிப்பாக அவர் எடுத்துக்கொண்டால், அவர் பங்கு 25 விழுக்காடாகிவிடும். 'முன்'னா 'பின்'னா என்பதைச் சந்திப்பிலேயே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

வாய்ப்பேச்சோடு எதையும் விடக் கூடாது. பேசியதை 24 மணி நேரத்துக்குள் மின்னஞ்சலில் சுருக்கி அனுப்புவது நல்லது. புதிய பங்கு ஒதுக்க, பொதுவாகப் பங்குதாரர்களின் முன் ஒப்புதல் தீர்மானம் வேண்டும். ஒதுக்கிய 14 நாளுக்குள் எஸ்எஸ்எம்மில் பதிய வேண்டும்.

சிக்கல் வந்தால்

வெள்ளிக்கிழமை, தொழுகை நேரம் தவிர்த்து, பதிவேட்டைச் சரிபார்க்கலாம்: யாருக்கு, எந்தத் தேதியில், என்ன எழுதினோம், என்ன பதில் வந்தது. 'முதலீடு உறுதி, முதலில் செயலாக்கக் கட்டணம் கட்டுங்கள்' என்று ஒருவர் கேட்டு, அதையும் தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்த வேண்டும். வழக்கறிஞர் செலவு போன்றவற்றை நிறுவனம் ஏற்பது உண்டு; ஆனால் அது நிபந்தனைக் கடிதத்தில் எழுத்தில் இருக்கும், ரசீதோடு வரும்.

பணம் போய்விட்டால் உடனே வங்கியையோ தேசிய மோசடிப் புகார் மையத்தின் 997 எண்ணையோ அழைத்து, காவல் நிலையத்திலும் புகார் செய்ய வேண்டும். தாமதித்தால் பணம் வேறு கணக்குகளுக்குப் போய்விடும். உரிமம் இல்லாத முதலீட்டு வியாபாரம் என்றால் பங்குப் பத்திர ஆணையத்திடமும் முறையிடலாம். வாரந்தோறும் எழுதிவைத்த அந்தப் பதிவேடும் மின்னஞ்சல்களும்தான் அப்போது சான்றாகும், அவற்றை அழிக்காதீர்கள்.