ஒழுகும் மாடியும் ஓனருக்கு ஒரு கடிதமும்

சென்னையில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால், மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருப்பவர்கள் இரவில் எழுந்து வாளி வைக்கிறார்கள். விடிந்ததும் வீட்டுக்காரருக்கு போன் போகிறது. "மழை விடட்டும், கொத்தனாரை அனுப்புறேன்" என்கிறார் அவர். மழை விட்டதும் ஒழுகலும் நின்றுவிடுகிறது, பேச்சும் நின்றுவிடுகிறது. அடுத்த மழைக்கு மறுபடி வாளி, மறுபடி போன். இப்படி இரண்டு மூன்று முறை ஆன பிறகு செய்ய வேண்டியது எழுத்தில் ஒரு நினைவூட்டல். அதற்கான காரணம் சட்டத்திலேயே இருக்கிறது.

நம் மாநிலத்தில் வாடகை விவகாரங்களை இப்போது ஆள்வது 2017ஆம் ஆண்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 15ஆம் பிரிவு பழுதுபார்ப்பைப் பற்றியது. யார் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதை இரண்டாம் அட்டவணை பிரித்துக் கொடுக்கிறது. குழாய் வாஷர் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. கட்டுமானம் சார்ந்த பழுது, குடியிருப்பவரால் நேர்ந்த சேதமாக இல்லாதவரை, உரிமையாளரின் பொறுப்பு. மாடித்தளம் ஒழுகுவது இந்த இரண்டாவது வகை. ஒப்பந்தத்தில் "எல்லாப் பழுதும் வாடகைதாரரே பார்க்க வேண்டும்" என்று ஒரு வரி இருந்தாலும், அதை மீறி இந்தப் பிரிவு செல்லும்.

உரிமையாளர் மறுத்தால் குடியிருப்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு. தானே செலவழித்துச் சரிசெய்து, வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. வீடு குடியிருக்கவே முடியாத நிலைக்குப் போயிருந்தால், 15 நாள் எழுத்துப்பூர்வ அறிவிப்பு கொடுத்து, அல்லது வாடகை அதிகாரியின் அனுமதியோடு, வெளியேறலாம். ஆனால் இந்த இரண்டாவது வழி திறக்க, பழுதுபார்க்கச் சொல்லி முன்பே எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். முதல் வழிக்கும் உரிமையாளர் மறுத்தார் என்பதற்கு ஓர் ஆதாரம் தேவை. போனில் என்ன பேசினோம் என்பதற்கு அழைப்புப் பட்டியலில் நேரம் மட்டும்தான் இருக்கும். பேசியது இருக்காது.

எழுதுவதற்கு முன் எங்கே ஒழுகுகிறது என்பதைக் கொஞ்சம் கவனித்து வைத்துக்கொள்வது கடிதத்துக்குப் பெரிய பலம். முதலில் பார்க்க வேண்டியது, மழை இல்லாத நாளிலும் ஈரம் இருக்கிறதா என்று. இருந்தால் மேலே உள்ள தண்ணீர்த் தொட்டியோ குழாயோதான் முதல் சந்தேகம். மழையோடு வந்து மழையோடு போனால் தளம்தான். நம் ஊர் மொட்டை மாடியில் கான்கிரீட்டுக்கு மேல் சுருக்கி போட்டு, அதன்மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். தட்டோட்டின் இணைப்புகள் வெடித்துவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கி, சுருக்கியில் தேங்கி, கான்கிரீட்டில் விரிசல் இருக்கும் இடம் தேடிப் போகும். அதனால் கூரையில் கறை தெரியும் இடமும், மாடியில் தண்ணீர் நுழையும் இடமும் பல அடி தள்ளி இருக்கலாம். கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், இந்த இரண்டும்தான் அடிக்கடி குற்றவாளி. இதனால்தான் கீழிருந்து பட்டி பூசி வெள்ளையடித்துக் கொடுப்பது பழுதுபார்த்ததாகாது. ஈரம் உள்ளேயே இருக்கும், அடுத்த மழையில் பூச்சு உப்பிக் கொட்டும்.

கறையின் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மழைக்குப் பின் கறை கோட்டைத் தாண்டியிருந்தால் அதையும் எடுங்கள். வளர்கிறது என்பதைச் சொல்ல இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. துருக்கறை தெரிந்தாலோ, பூச்சு பெயர்ந்து கம்பி வெளியே வந்தாலோ, கட்டாயம் எழுதுங்கள். துருப்பிடிக்கும் கம்பி பருத்து, சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளக்கும். அது தலையில் விழும் ஆபத்து. ஃபேன் மாட்டியிருக்கும் இடத்தில் ஈரம் வந்தால் அந்த மின் இணைப்பை உடனே அணைத்துவிட்டு, கடிதத்தின் முதல் வரியிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும்.

முதல் மாடியில் 12,000 ரூபாய் வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பம் இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தங்கள் வீட்டின் முதல் மாடியில் குடியிருக்கிறோம். படுக்கையறையின் கிழக்கு மூலையில் மழையின்போது கூரை ஒழுகுகிறது. அக்டோபர் 14, அக்டோபர் 27, நவம்பர் 6 ஆகிய நாட்களில் தங்களிடம் போனில் சொன்னோம். மழை நின்றதும் கொத்தனாரை அனுப்புவதாகச் சொன்னீர்கள். இதுவரை யாரும் வரவில்லை. இப்போது கறை ஃபேன் வரை பரவியிருப்பதால் அதன் இணைப்பை அணைத்து வைத்திருக்கிறோம். போட்டோக்களை இணைத்துள்ளோம். இந்தக் கடிதம் கிடைத்த 10 நாட்களுக்குள் ஆளை அனுப்பி, மாடியைப் பார்த்துச் சரிசெய்து தர வேண்டுகிறோம். எந்த நாள் வசதி என்று சொன்னால் வீட்டில் இருப்போம். வாடகையை எப்போதும்போல் செலுத்தி வருகிறோம். நன்றி."

இதில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. பல வருடம் பழகிய மனிதரிடம் வக்கீல் நோட்டீஸ் தோரணையில் எழுதினால் அவர் பழுதை விட்டுவிட்டு மரியாதையைப் பற்றிப் பேசத் தொடங்குவார். அதே சமயம் கெடு இல்லாமல் முடித்தால் கடிதமும் இன்னொரு போன்காலாகிவிடும். "சீக்கிரம்" என்பது கெடு ஆகாது. ஒரு நாள் எண்ணிக்கை வேண்டும். வாடகை பற்றிய வரியை வேண்டுமென்றேதான் சேர்த்திருக்கிறேன். ஒழுகுகிறது என்று கோபித்து வாடகையை நிறுத்துகிறவர்கள் பலர். அது தங்கள் பக்கத்து நியாயத்தைத் தாங்களே கெடுத்துக்கொள்வது. இரண்டு மாத பாக்கி, வீட்டைக் காலி செய்யச் சொல்வதற்கு அதே சட்டம் ஏற்கும் காரணங்களில் ஒன்று.

கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். அதோடு நிற்காமல் ஒரு பிரதியை ஸ்பீடு போஸ்ட்டில், பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையோடு அனுப்புங்கள். நகல், ரசீது, ஒப்புகை மூன்றையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள்.

ஒரு விஷயத்தில் வீட்டுக்காரர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஈரத்தளத்தின் மேல் நீர்த்தடுப்புப் பூச்சு பிடிக்காது. சில நாள் வெயில் வேண்டும். ஆகவே நடுமழையில் முழு வேலையையும் கேட்பது பலிக்காது. குழாய் வாயின் அடைப்பை எடுப்பது, ஒழுகும் இடத்துக்கு மேல் தார்ப்பாய் போடுவது போன்ற தற்காலிக ஏற்பாட்டை உடனே செய்யச் சொல்லி, முழு வேலைக்குத் தை மாதத்தில் ஒரு தேதி கேட்கலாம். அவர் ஒத்துக்கொண்டால், "இந்தத் தேதியில் செய்து தருவதாகச் சொன்னீர்கள், நன்றி" என்று அன்றே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.

கெடு கடந்தும் பதில் இல்லையென்றால், இரண்டு கொத்தனார்களிடம் மதிப்பீடு எழுதி வாங்கி, அதை இணைத்து இரண்டாவது கடிதம் அனுப்ப வேண்டும். நீங்கள் செய்யாவிட்டால் நாங்களே செய்து வாடகையில் கழிப்போம் என்று இதில்தான் சொல்ல வேண்டும். அதற்கும் அசையாமல், வேலைக்கு 18,000 ரூபாய் ஆனதென்று வைத்துக்கொண்டால், மாதம் 6,000 வீதம் மூன்று மாதம் கழித்து, மீதி 6,000 ரூபாயை ஒவ்வொரு மாதமும் உரிய தேதியில், வங்கி மூலமாகவே, செலுத்த வேண்டும். பில்லின் நகலும் முதல் மாதமே அவருக்குப் போய்ச்சேர வேண்டும். மாடி முழுவதும் பிரித்துப் போட வேண்டிய பெரிய வேலையென்றால் இந்த வழி குடும்பத்தின் கைக்கு மீறியது. அப்போது இந்தக் கவரை எடுத்துக்கொண்டு வாடகை அதிகாரியிடம் போவதுதான் சரி.