பல்வேரைக் கரைப்பது உள்ளிருந்தா, வெளியிலிருந்தா?

பல்லில் வலி இல்லை, சொத்தையும் இல்லை. பக்கத்துப் பல்லுக்காக எடுத்த எக்ஸ்ரேயில்தான் அதன் வேரில் ஒரு கரும்புள்ளி தெரிகிறது. வேர் அரிப்பு பெரும்பாலும் இப்படித் தற்செயலாகவே கண்ணில் படுகிறது.

பால்பல் விழுவதற்கு முன் அதன் வேரைக் கரைக்கும் செல்கள் நம் உடலிலேயே உண்டு. எலும்பைக் கரைத்துப் புதுப்பிக்கும் செல்களின் இனம் அவை. நிலைப்பல்லின் வேரை அவை தொடாதபடி இரண்டு காவல்கள் இருக்கின்றன. உள்பக்கம், பல்கூழை ஒட்டி இன்னும் கெட்டிப்படாத ஒரு மெல்லிய படலம். வெளிப்பக்கம், வேரைப் போர்த்தியிருக்கும் சிமெண்டமும் வேரை எலும்போடு இணைக்கும் நார்களும். அடிபட்டோ கிருமி பரவியோ இந்தக் காவல் குலைந்தால் அரிப்பு தொடங்கும்.

உள் அரிப்பு பல்கூழிலிருந்து கிளம்புகிறது. எக்ஸ்ரேயில் வேரின் நடுவே மெல்லிய கருங்கோடாக ஓடும் கால்வாய், ஓரிடத்தில் மட்டும் பலூன் ஊதியதுபோல் வழுவழுப்பான விளிம்போடு உப்பியிருக்கும். அந்த இடத்தில் கால்வாயின் பழைய சுவர்க்கோடுகள் தெரியாது. வெளி அரிப்பில் விளிம்பு பெரும்பாலும் ஒழுங்கற்றிருக்கும். கருநிழலின் ஊடே கால்வாயின் இரண்டு கோடுகளும் அறுபடாமல் ஓடும்.

ஆனால் எக்ஸ்ரே தட்டையான படம். வேரின் முன்புறமோ பின்புறமோ விழுந்த குழி, கால்வாயின் மேல் படிந்து உள் அரிப்பைப் போலவே ஏமாற்றும். அதனால் குழாயைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்தி இன்னொரு படம் எடுப்பார்கள். நிழல் கால்வாயை விட்டு விலகாமல் இருந்தால் அரிப்பு உள்ளே, விலகிப்போனால் வெளியே. குழியின் ஆழத்தையும் வேர்ச்சுவர் ஓட்டையாகிவிட்டதா என்பதையும் அறிய, முப்பரிமாண சிபிசிடி ஸ்கேன் வேண்டும்.

இந்த வேறுபாடே சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. உள் அரிப்பு செய்யும் செல்களுக்கு உயிருள்ள பல்கூழின் ரத்த ஓட்டம் தேவை. ரூட் கெனால் செய்து பல்கூழை அகற்றினால் அரிப்பு நின்றுவிடும். குழியை மருந்துநீரால் நன்கு கழுவி, இளக்கிய கட்டாபெர்ச்சாவால் நிரப்புவார்கள். சுவர் மிக மெலிந்தோ பெரிதாக ஓட்டை விழுந்தோ போயிருந்தால் மட்டும் பல் தாங்காது.

வெளி அரிப்பில் கதை அத்தனை எளிதல்ல. பதினொரு வயதுச் சிறுவனுக்குப் பந்து பட்டு மேல் முன்பல் வேரோடு தெறித்து விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். காகிதத்தில் மடித்துக் கொண்டுவரப்பட்ட பல், ஒரு மணி நேரத்துக்கு மேல் உலர்ந்தபின் திரும்பப் பொருத்தப்படுகிறது. இதற்குப் பிறகு இரண்டு விதமான அரிப்பு வரலாம்.

முதலாவது, செத்துப்போன பல்கூழில் வளரும் கிருமிகளால் வருவது. சில வாரங்களிலேயே வேரிலும் அதை ஒட்டிய எலும்பிலும் கிண்ணம்போன்ற கருங்குழிகள் தெரியும். பல்லைப் பொருத்திய இரண்டு வாரத்துக்குள் ரூட் கெனால் தொடங்கி கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்தால், இதைப் பெரும்பாலும் தடுக்கலாம்.

இரண்டாவதில் எக்ஸ்ரேயில் கருங்குழியே இருக்காது. வேருக்கும் எலும்புக்கும் இடையே இருக்கவேண்டிய மெல்லிய கருங்கோடு மறைந்து, இரண்டும் ஒன்றாகக் கலந்திருக்கும். தட்டினால் பல்லில் உலோகம்போல் ஒலி கேட்கும். தாடை வளர வளர, அந்தப் பல் மட்டும் வளராமல் பக்கத்துப் பற்களைவிடக் கீழிறங்காமல் மேலேயே நின்றுவிடும்.

காரணம், உலர்ந்த வேரின் இணைப்பு நார்கள் செத்துவிட்டன. இடையில் தடுப்பு இல்லாததால், வேரையும் எலும்பின் ஒரு பகுதியாகவே உடல் நடத்துகிறது: கரைத்துவிட்டு அங்கே எலும்பை வளர்க்கிறது. அகற்றுவதற்குக் கிருமியும் இல்லை, எடுப்பதற்குப் பல்கூழும் இல்லை. எலும்பு இயல்பாகச் செய்யும் வேலையை நிறுத்த மருந்து கிடையாது. சிறுவர்களுக்கு எலும்பு வேகமாகப் புதுப்பிக்கப்படுவதால், பெரியவர்களைவிட விரைவில் வேர் காணாமல்போகும்.

பல்லின் கழுத்துப் பகுதியில், ஈறுக்கடியில் தொடங்கும் வெளி அரிப்பு வேறொன்று. ஆஸ்திரேலியாவின் ஹெதர்சே 1999இல் அதை நான்கு நிலைகளாகப் பிரித்தார். முதல் இரண்டில் குழியைச் சுரண்டி அடைக்க முடிகிறது. நான்காவதில் அரிப்பு வேருக்குள் கிளைவிட்டு ஆழமாக இறங்கியிருக்கும். எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தால் பல்லே மிஞ்சாது.

அந்தச் சிறுவனின் பல்லைப் பிடுங்க முயன்றால், ஒட்டிய எலும்பும் உடைந்து வரும். பிறகு இம்ப்ளாண்ட் வைக்க இடம் போதாது. அதனால் பல் மிகவும் பின்தங்கிவிட்டால், தலைப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, வேரை ஈறுக்கடியில் விட்டுவிடும் முறை 1984இல் சுவீடனில் வந்தது. வேர் மெல்லக் கரைந்து எலும்பாக மாறும். தாடையின் அகலமும் உயரமும் காக்கப்படும். வளர்ச்சி முடிந்தபின் அங்கே இம்ப்ளாண்ட் வைக்கலாம்.