ரஷ்ய வகுப்பில் முதல் அறிமுகம்

"மின்யா ஸவூத் மீனா. யா ஸ்துத்யேன்த்கா." என்னை மீனா என்று அழைக்கிறார்கள், நான் மாணவி. ரஷ்ய வகுப்பில் முதலில் எழுத வைப்பது இப்படி ஒரு அறிமுகத்தைத்தான். இரண்டாவது வாக்கியத்தில் வினைச்சொல்லே இல்லை. 'நான் மாணவி' என்பது தமிழுக்கும் இயல்பு என்பதால் நமக்கு இது உறுத்தாது.

சிக்கல் ஊர்ப்பெயரில் தொடங்கும். மாஸ்கோ ரஷ்ய மொழியில் 'மஸ்க்வா'. மாஸ்கோவில் வசிக்கிறேன் என்றால் 'யா ஜிவூ வ் மஸ்க்வ்யே'. 'வ்' என்ற முன்னிடைச்சொல் மட்டும் போதாது, பெயரின் கடைசி எழுத்தும் மாற வேண்டும். வேடிக்கை என்னவென்றால், 'சென்னை' அங்கே உருபே ஏற்காத பெயர், சென்னைக்காரர் தப்பித்துவிடுவார்.

அடுத்தது செயப்படுபொருள். 'க்னீகா' என்றால் புத்தகம். அதைப் படிக்கும்போது 'யா சிதாயு க்னீகு'. நம் 'ஐ' உருபு செய்யும் வேலையை இங்கே கடைசியிலுள்ள 'உ' செய்கிறது.

இதைப் பழகியவர்கள் உடனே சறுக்கும் இடம் குடும்பம். 'எனக்கு ஒரு சகோதரி இருக்கிறாள்' என்பதற்கு 'சிஸ்த்ரூ' என்று எழுதிவிடுவார்கள். சரியானது 'உ மின்யா யேஸ்த் சிஸ்த்ரா'. இங்கே சகோதரிதான் எழுவாய். தமிழ் வாக்கியத்திலும் அப்படித்தானே? ஆங்கிலம் வழியாக யோசிப்பவர்களே பெரும்பாலும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.