சுவரில் ஒட்டிய சாவி

என் மாமா எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தருகே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். வருகிறவர்களெல்லாம் "வைஃபை பாஸ்வேர்டு என்ன?" என்று நாள் முழுதும் கேட்கவே, அதற்கொரு க்யூ.ஆர். கோடு செய்து தரும்படி சென்ற விடுமுறையில் என்னைப் பணித்தார். வேலை எளிதுதான். அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களுக்குள் இருப்பது ஒரே ஒரு வரி:

```
WIFI:T:WPA;S:MAMAKADAI;P:mazhai\;2025;;
```

T பாதுகாப்பு முறையையும், S வைஃபையின் பெயரையும், P கடவுச்சொல்லையும் குறிக்கும். ஒவ்வொரு பகுதியும் அரைப்புள்ளியில் முடியும். மாமாவின் கடவுச்சொல்லிலேயே ஓர் அரைப்புள்ளி இருந்ததை நான் கவனிக்கவில்லை. கைபேசி mazhai என்பதோடு நின்றுவிட்டு, இணைய மறுத்தது. அதன் முன்னால் \ என்ற கோட்டை இட்டதும் சரியாயிற்று. பிறகு லினக்ஸ் கணினியில் ஒரு கட்டளை:

```
qrencode -o kadai.png 'WIFI:T:WPA;S:MAMAKADAI;P:mazhai\;2025;;'
```

இணையத்தளங்களிலும் இதைச் செய்யலாம். ஆனால் முன்பின் அறியாதவரிடம் கடவுச்சொல்லை நாமே எழுதிக் கொடுப்பது போலாகும்.

படத்தை அச்சிட்டுச் சுவரில் ஒட்டினேன். கட்டங்களைப் பார்த்தால் ஏதோ இரகசிய எழுத்துப் போலத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றிற்று. உண்மையில் அதில் இரகசியம் ஏதுமில்லை. நாம் எழுதிய வரியைக் கணினி படிக்கும் வடிவில் வரைந்திருக்கிறது, அவ்வளவே. வெறும் ஸ்கேனர் செயலியால் பார்த்தால் கடவுச்சொல் அப்படியே எழுத்தில் வரும். ஆயுத பூஜையன்று மாமா கடையைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பின்சுவரில் கோடு தெளிவாக விழுந்திருந்தது! மாலையில் ஒரு மூலை மறைந்திருந்தும் பயனில்லை. ஓரளவு அழிந்தாலும் மீட்டுப் படிக்கும்படியே இக்கோடு அமைக்கப்படுகிறது.

இலவசமாக இணையம் போனால் போகட்டும் என்று விடலாம். ஆனால் சில நாள் கழித்து ஒரு பள்ளி மாணவன், "அண்ணா, உங்க கம்ப்யூட்டர் ஃபோல்டர் என் போன்ல தெரியுதே" என்றான். எனக்குத் திக்கென்றது. அந்த ஃபோல்டரில் வாடிக்கையாளர்களின் ஆதார் நகல்களும் மதிப்பெண் சான்றிதழ்களும் இருந்தன. இரண்டு கணினிகளுக்கும் பொதுவாக இருக்கட்டுமென்று கடவுச்சொல் இல்லாமல் திறந்து வைத்திருந்தார்கள். கடையின் வைஃபைக்குள் நுழைந்தவர் எவரும் அதைத் திறக்கலாம்.

அன்றே கோட்டைக் கிழித்தேன். கிழித்தால் மட்டும் போதாது. படமெடுத்தவர்களிடம் கடவுச்சொல் இருக்குமே. ஆகவே அதையும் மாற்றி, ஃபோல்டரையும் பூட்டினோம். பின்னர் ரூட்டரில் 'கெஸ்ட்' வைஃபை ஒன்றைத் தனியே தொடங்கி, வேறு கடவுச்சொல் கொடுத்து, அதன் கோட்டை மட்டும் ஒட்டினேன். சில ரூட்டர்களில் கெஸ்ட் வழியாகவும் உட்கணினிகளை எட்ட இடம் தரும் ஒரு தேர்வு உண்டு; அதை நீக்கிவிட வேண்டும். நீங்கிற்றா என்றறிய, என் கைபேசியைக் கெஸ்டில் இணைத்துக் கடைக் கணினியைத் திறக்க முயன்றேன். திறக்கவில்லை. வாடிக்கையாளர்கள் இப்போது கோப்புகளை மின்னஞ்சலில் அனுப்புகிறார்கள்.

பிரிண்டரையும் பில் போடும் கணினியையும் புதிய கடவுச்சொல்லுடன் மீண்டும் இணைக்க எனக்கு அரை நாள் ஆயிற்று. அதுவரை மாமா பில்லைக் கையால் எழுதிக்கொண்டிருந்தார்.